குழுக் கூட்டத்துக்குள் வரும் ‘முதலீடு’: நெல்லைச் சீமை மகளிர் குழு ஊக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஊக்குநர், பிரதிநிதி அக்காமார்களே, தங்கச்சிமார்களே,

வணக்கம். நான் பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். முக்கூடல், சேரன்மகாதேவி, மேலப்பாளையம் பக்கத்து மகளிர் குழுக்கள் சிலவற்றின் பதிவேடுகளையும் பார்த்துக் கொடுக்கிறேன். கொஞ்ச நாளாகக் கடன் பதிவேட்டில் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. கோழி வளர்க்க, தையல் மெஷின் வாங்க என்று எழுதிக் கொடுத்த கடன், கோழியாகவும் வரவில்லை, மெஷினாகவும் வரவில்லை. சத்து மாவு டப்பா இரண்டு, சோப்பு, பற்பசை, மாத்திரை டப்பா ஒன்று என ஒரு அட்டைப் பெட்டியாக வீட்டு மூலையில் இருக்கிறது. கேட்டால் “முதலீடு போட்டிருக்கேன்” என்கிறார்கள். போடச் சொன்னது யார் என்றால், கூடவே பீடி சுற்றும் தோழி, இல்லை கூடப் படித்தவள், இல்லை சொந்த மைனி.

இந்த மடலை உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. பெட்டி வாங்கு, ஆள் சேர்த்தால் காசு வரும் என்கிற இந்தத் திட்டங்களை நடத்துகிறவர்கள் முதலில் தேடி வருவது உங்களைத்தான். ஒரு ஊக்குநர் சேர்ந்தால் பதினைந்து பேர் தயாராகச் சேர்ந்த மாதிரி. அந்தப் பதினைந்து பேரும் வாரம் தவறாமல் ஒரே இடத்தில் உட்காருகிறார்கள். கையில் கடன் வாங்கும் வசதி இருக்கிறது. ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி நம்புகிறாள். நாம் பல வருஷம் பாடுபட்டு உண்டாக்கிய அந்த நம்பிக்கைதான் அவர்களுக்குத் தேவை.

சரி, இந்த வருமானம் எப்படி வருகிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். போன மாதம் ஒரு உறுப்பினர் என்னிடம் ஒரு திட்டத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். கம்பெனி எது என்பது இங்கே முக்கியமில்லை. பெயரும் பெட்டிக்குள் இருக்கும் பொருளும் மாறும், கணக்கு பெரும்பாலும் இதே சாயல்தான்.

சேர 8,000 ரூபாய். அதற்குப் பெட்டி ஒன்று தருவார்கள். அப்புறம் உங்களுக்குக் கீழே இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர் சேர்க்க வேண்டும். நேரடியாகச் சேர்த்த ஒவ்வொருவருக்கும் 500 ரூபாய். இடதில் ஒருவர், வலதில் ஒருவர் என்று ஜோடி சேர்ந்தால் அந்த ஜோடிக்கு இன்னொரு 500. அவர்கள் தங்களுக்குக் கீழே ஆள் சேர்க்கச் சேர்க்க, இடதில் ஒருவருக்கு வலதில் ஒருவர் என்று விழும் ஒவ்வொரு ஜோடிக்கும் உங்களுக்கு 500 வீதம் வரும். மொத்தத்தில் நிர்வாகச் செலவு என்று நூற்றுக்குப் பத்து பிடித்துக்கொள்வார்கள். கூட்டத்தில் சொல்வது இந்தக் கடைசிப் பகுதியைத்தான்: “நீங்க ரெண்டே ரெண்டு பேரைச் சேருங்க, மத்ததை அவிய பாத்துக்கிடுவாவ, காசு வந்துக்கிட்டே இருக்கும்.”

எல்லாரும் சொன்னபடி செய்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். யாரும் சோம்பேறி இல்லை, யாரும் பாதியில் நிற்கவில்லை. ஒவ்வொருவரும் சரியாக இரண்டு பேரைச் சேர்த்துப் பத்து வரிசை நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் ஒருவர், அடுத்து 2, அடுத்து 4, 8, 16 என்று போய், பத்தாவது வரிசையில் 512 பேர். மொத்தம் 1,023 பேர்.

கடைசி வரிசை 512 பேருக்கும் கீழே யாரும் இல்லை. அவர்கள் கையில் வந்தது ஒரு ரூபாய்கூட இல்லை. அதுவே பாதிக்கும் மேல். அதற்கு மேல் வரிசையில் 256 பேர். ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்த்து ஒரு ஜோடி கண்டவர்கள். அவர்களுக்கு 1,500 ரூபாயில் பிடித்தம் போக 1,350 கிடைத்திருக்கும். கட்டியது 8,000. இன்னும் ஒரு வரிசை மேலே போனால் 128 பேருக்கு ஆளுக்கு 2,250. அதற்கு மேல் 64 பேருக்கு ஆளுக்கு 4,050. அதற்கும் மேலே இருக்கும் 32 பேருக்குக் கீழே ஆளுக்கு முப்பது பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வந்தது 7,650. முப்பது பேர் கீழே இருந்தும் போட்ட காசு முழுதாகத் திரும்பவில்லை!

இப்போது கூட்டிப் பாருங்கள். 512, 256, 128, 64, 32. மொத்தம் 992 பேர் நட்டத்தில் நிற்கிறார்கள். மீதி 31 பேருக்குத்தான் போட்டதற்கு மேல் கிடைத்திருக்கிறது. உச்சியில் இருக்கும் அந்த ஒருவருக்கு இரண்டேகால் லட்சத்துக்கு மேல் வந்திருக்கும். வண்ணாரப்பேட்டை ஓட்டல் ஹாலில் மேடை ஏறிக் காசோலையைத் தூக்கிக் காட்டுவது அவர்தான். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையாகவே வந்தது. ஆனால் அவரைப் போல ஒருவர் உண்டாக, கீழே அத்தனை வரிசை நிறைய வேண்டும். ஹாலில் உட்கார்ந்து கைதட்டுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கடைசி வரிசைகளில் இருக்கிறவர்கள்.

கம்பெனிப் பக்கமும் பார்த்துவிடலாம். 1,023 பேரிடம் வசூலானது 81,84,000 ரூபாய். பிடித்தம் போக எல்லாருக்கும் சேர்த்துக் கொடுத்தது சுமார் 23 லட்சம். மீதியில் பெட்டிக்கான அடக்கச் செலவு போக மற்றதெல்லாம் கம்பெனிக்கு. இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். நமக்கு வரும் 500 ரூபாய் எந்த வியாபாரத்தின் லாபமும் இல்லை. நமக்குக் கீழே புதிதாகச் சேர்ந்தவள் கட்டிய 8,000-லிருந்து கிள்ளிக் கொடுப்பது. அவள் யார்? நம் தங்கச்சி, பக்கத்து வீட்டுக்காரி, குழுவில் நமக்கு அடுத்து கையெழுத்துப் போடுகிறவள்.

பத்து வரிசையோடு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வரிசை கூடினாலும் விகிதம் மாறாது, நட்டப்படுகிறவர்களின் எண்ணிக்கைதான் பெருகும். அதோடு போக இடமும் இல்லை. 22 வரிசை நிறைய 41 லட்சத்துக்கு மேல் ஆள் வேண்டும். தென்காசி பிரிவதற்கு முன்பு, 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாவட்டம் முழுவதும் கைக்குழந்தை உட்பட இருந்தது சுமார் 30.77 லட்சம் பேர். நடைமுறையில் அவ்வளவு தூரமும் போகாது. ஒரு ஊரில் சொந்தபந்தம், குழு, கோயில் கொடைக்கு வரி கொடுக்கிற குடும்பங்கள் என்று ஒரு சுற்று வந்ததும் கேட்க ஆளில்லாமல் நின்றுவிடும்.

மேலே சொன்ன கணக்கு எல்லாம் நல்லபடியாக நடந்தால் வருவது. நிஜத்தில் இதைவிட மோசம். ஜோடி சேர இரண்டு பக்கமும் சமமாக வளர வேண்டும். ஒரு பக்கத்தில் உங்களுக்கு மேலே இருப்பவர் ஆட்களைப் போட்டு வளர்த்துக் காட்டுவார், அதைப் ‘பவர் லெக்’ என்பார்கள். திரையில் அந்தப் பக்கம் நாற்பது, ஐம்பது பேர் இருப்பதைப் பார்த்ததும் நமக்கு ஆசை வந்துவிடும். ஆனால் மறுபக்கத்தில் மூன்று பேர்தான் இருந்தால் மூன்று ஜோடிக்குத்தான் பணம். அந்த மறுபக்கத்தை நம் கைக்காசும் நம் உறவும் போட்டுத்தான் வளர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை ஜோடிக்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள். மாதாமாதம் இவ்வளவு ரூபாய்க்குப் பொருள் வாங்கினால்தான் ‘ஆக்டிவ்’, இல்லையென்றால் அந்த மாதக் கமிஷன் இல்லை என்றும் இருக்கும். இதெல்லாம் தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் கிடக்கிறது. கூட்டத்தில் யாரும் வாசிப்பதில்லை.

திட்டத் தாளைக் கொண்டுவந்த அந்த உறுப்பினரின் நிலையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். குழுவில் 8,000 கடன், பத்துத் தவணை, மாதம் 800 அசல், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. கடன் முடிய வட்டி மட்டும் 440 ரூபாய் ஆகும். அவர் சேர்த்தது இரண்டு பேரை, இருவருமே குழுக்காரர்கள். வந்தது 1,350. அதில் கூட்டங்களுக்காகத் திருநெல்வேலிக்குப் போய்வந்த பஸ் காசும், ‘ஆக்டிவ்’வாக இருக்க வாங்கிய பற்பசையும் கழிந்தால் கையில் நிற்பது எவ்வளவு என்று அவரே கூட்டிப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார். தவணை மாதாமாதம் பீடிக் கூலியிலிருந்துதான் போகிறது. அவரை விடவும் எனக்குக் கவலை, அவர் சேர்த்த அந்த இரண்டு பேர். அவர்கள் இப்போது கூட்டத்துக்கு வந்தால் இவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

அவர் கொண்டுவந்த பில்லையும் வாங்கிப் பார்த்தேன். இதை நீங்கள் எல்லாரும் ஒருமுறை பார்க்க வேண்டும். அதில் முதலீடு என்றோ வைப்பு என்றோ எங்கும் இல்லை. பொருளின் பெயர், எண்ணிக்கை, விலை, ஜி.எஸ்.டி., அவ்வளவுதான். தபால் ஆபீஸில் ஆர்.டி. போட்டால் பாஸ்புக்கில் நம் பேரில் பணம் நிற்கும், முதிர்வுத் தேதி இருக்கும். இங்கே நம் பேரில் ஒரு பைசாவும் நிற்கவில்லை. பொருள் வாங்கினோம், காசு கொடுத்தோம், கணக்கு முடிந்தது என்பதுதான் அந்தக் காகிதத்தின் அர்த்தம். நாளைக்குப் போய்ப் பணத்தைக் கேட்டால் அவர்கள் காட்டப்போவதும் இதே பில்தான். அதனால் யாராவது ‘முதலீடு’ என்று சொல்லி வந்தால் முதலில் மாதிரி பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

நேரடி விற்பனை எல்லாமே சட்டவிரோதம் என்று நான் சொல்லவில்லை. பொருளை வெளி ஆளுக்கு விற்று அந்த விற்பனையில் கமிஷன் வாங்குவது சட்டப்படி நடக்கிற தொழில்தான். அதற்கு 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நேரடி விற்பனை விதிகள் வந்திருக்கின்றன. ஆள் சேர்ப்பதை வைத்து மேலே மேலே பணம் போகும் பிரமிடு திட்டத்தை அந்த விதிகள் தடுக்கின்றன. இன்னொன்றும் உண்டு: ‘வேறு ஆட்களைக் கொண்டுவந்தால் நீ கொடுத்த விலை திரும்பி வந்துவிடும்’ என்று சொல்லிப் பொருளை வாங்க வைக்கக் கூடாது. நம் கூட்டங்களில் சொல்லப்படுவது கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை இதுதான். விற்கிறவர் அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வீட்டுக்கு வரக் கூடாது என்றும் இருக்கிறது.

பழைய சட்டம் இன்னும் கடுமையானது. 1978-ல் வந்த பரிசுச்சீட்டு, பணச்சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம், ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் தரும் திட்டத்தை நடத்துவதை மட்டும் தடை செய்யவில்லை. அதில் உறுப்பினராகச் சேர்வதையும், வேறு விதத்தில் பங்கெடுப்பதையும் தடை செய்கிறது. மூன்று வருஷம் வரை சிறை உண்டு. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஊக்குநர் என்ற பொறுப்பில் இருந்துகொண்டு பத்துப் பேரைச் சேர்த்துவிட்டால், பிரச்சினை வரும் நாளில் ஊர் விரல் நீட்டுவதும், புகார் மனுவில் முதலில் எழுதப்படுவதும் உங்கள் பெயர்தான். கம்பெனிக்காரர் எந்த ஊரோ.

எது நல்ல வியாபாரம், எது ஆள் பிடிப்பு என்று தெரிய ஒரு கேள்வி போதும். உங்களை அழைக்கிறவரிடம், “போன மாதம் இந்தத் திட்டத்தில் சேராத எத்தனை பேர் இந்த டப்பாவைக் காசு கொடுத்து வாங்கினாங்க?” என்று கேளுங்கள். பொருள் நல்லதென்றால், திட்டத்தில் சேர விருப்பமில்லாதவர்களும் அந்த விலைக்கு வாங்குவார்கள். வாங்கியவர் எல்லாரும் சேர்ந்தவர்களே என்றால், அந்த டப்பா சேர்க்கைக் கட்டணத்துக்குக் கொடுக்கிற ரசீது மாதிரிதான். போனில் காட்டும் வருமானப் படத்தை நம்ப வேண்டாம். வங்கிப் பாஸ்புக்கைக் காட்டச் சொல்லுங்கள். அதில் வந்ததோடு, அவர் பொருள் வாங்கக் கட்டியதும் தெரியும்.

“உழைக்காதவங்களுக்குத்தான் வராது” என்று பதில் வரும். அமெரிக்காவில் இந்தத் தொழில் நம்மைவிடப் பல பத்தாண்டு மூத்தது. அங்கே மத்திய வர்த்தக ஆணையம் 70 கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட வருமான விவரங்களைப் படித்து 2024-ல் ஓர் அறிக்கை தந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு வருஷம் முழுவதும் வந்தது 1,000 டாலர் அல்லது அதற்கும் கீழே. அதுவும் செலவைக் கழிக்காமல். அத்தனை பேரும் சோம்பேறிகளாக இருக்க முடியாது.

இனி, வேண்டாம் என்று சொல்வது எப்படி என்ற விஷயம். நம் பக்கத்தில் இதுதான் கஷ்டம். கேட்கிறது முன்பின் தெரியாதவர் இல்லை. நம் வீட்டு விசேஷத்துக்கு வந்து பந்தி பரிமாறிய மைனி, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் கூட இருந்த தோழி. அதனால் நாம் சாக்குச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறோம். ஒவ்வொரு சாக்குக்கும் அவர்களுக்குப் பயிற்சியில் பதில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காசு இல்லை என்றால், குழுவில் கடன் எடுக்கலாமே. நேரம் இல்லை என்றால், வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் போதும். வீட்டுக்காரரிடம் கேட்கணும் என்றால், அவரையும் கூட்டிட்டு வாங்க, நாங்க பேசுதோம். யோசிச்சுச் சொல்லுதேன் என்றால் வாரா வாரம் போன் வரும்.

ஆகவே காரணம் சொல்ல வேண்டாம். முடிவை மட்டும் சொல்லுங்கள். “மைனி, ஆள் சேர்க்குற எதுலயும் நான் சேரமாட்டேன். யார் கேட்டாலும் இதான் சொல்லுதேன். நீங்க கேட்டீங்கன்னு எனக்கு வருத்தம் இல்லை.” இவ்வளவுதான். ஏன் என்று மறுபடியும் கேட்டால் இதையே இன்னொரு தடவை சொல்லுங்கள், புதிதாக ஒரு காரணத்தைச் சேர்க்காதீர்கள். காரணம் சொன்னால் பேச்சு அந்தக் காரணத்தைப் பற்றிப் போய்விடும். சொன்ன கையோடு, “காபி குடிச்சிட்டுப் போங்க” என்று உட்கார வையுங்கள். மறுப்பது திட்டத்தைத்தான், மைனியை இல்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

அவர் உண்மையிலேயே நெருக்கடியில் இருந்தால், உங்களுக்குத் தேவையான ஒரு சோப்பையோ பற்பசையையோ அதன் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் ஆதார், பான், போனுக்கு வரும் ஓ.டி.பி. இந்த மூன்றையும் கொடுக்காதீர்கள். “நீ காசு கட்ட வேண்டாம், நானே கட்டுதேன், பேரை மட்டும் குடு” என்று கேட்பதும் நடக்கிறது. அவருடைய மறுபக்கத்து ஜோடிக்கு ஒரு ஆள் தேவை, அதற்குத்தான். உங்கள் பேர் உள்ளே போய்விட்டால் உங்களுக்குக் கீழே வருகிறவர்கள் நஷ்டப்பட்டு உங்களைத்தான் தேடி வருவார்கள்.

ஏற்கனவே சேர்ந்துவிட்டவர்களுக்கு: ஒப்பந்தத்தில் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளும் காலம் என்று ஒன்று இருக்கும். அது முடியும் முன் விலகுகிறேன், பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தாருங்கள் என்று எழுத்தில் அனுப்புங்கள், வாய்ச்சொல் போதாது. பிரிக்காத டப்பாவைப் பிரிக்காமலே வைத்திருங்கள். பில், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப்பில் வந்த வாக்குறுதிகள் எதையும் அழிக்காதீர்கள். கம்பெனி பதில் சொல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாதம் இவ்வளவு வட்டி, இத்தனை மாதத்தில் இரட்டிப்பு என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் அது வேறு குற்றம். அதற்குப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். போட்டதை எடுக்க வேண்டும் என்று இன்னும் இரண்டு பேரைச் சேர்ப்பது மட்டும் வேண்டாம். மேலே பார்த்த கணக்குப்படி, ஆளுக்கு முப்பது பேர் கீழே இருந்தும் எடுக்க முடியவில்லையே.

உங்களிடம் நான் கேட்பது மூன்று. குழுக் கூட்டம் நடக்கும் நேரத்திலும் இடத்திலும் எந்தத் திட்டத்தையும் விளக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், அதை நடத்துகிறவர் உங்கள் சொந்தத் தங்கையாகவே இருந்தாலும். கடன் கேட்பவர் இதற்காகத்தான் கேட்கிறார் என்று தெரிந்தால், பொய்யாக வேறு காரணம் எழுத விடாமல், இந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்புறம் முடிவு குழுவினுடையது. ஏற்கனவே சேர்ந்து நட்டப்பட்டவர்களைக் கூட்டத்தில் வைத்துக் கேலி பேச விடாதீர்கள். வெட்கப்பட்டால் அவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள். போட்டதை எப்படியாவது எடுக்கணும் என்று அடுத்த குழுவுக்குப் போய் ஆள் தேடுவார்கள்.

தீர்மானப் புத்தகத்தில் எழுத ஒரு வாசகம் கேட்டிருந்தீர்கள். இப்படி எழுதலாம்: “உறுப்பினர் சேர்க்கையின் அடிப்படையில் வருமானம் தரும் எந்தத் திட்டத்துக்கும் குழுவின் சேமிப்பிலிருந்தோ வங்கிக் கடனிலிருந்தோ பணம் வழங்குவதில்லை என்றும், குழுக் கூட்டத்தில் அத்தகைய திட்டங்களை அறிமுகம் செய்வதில்லை என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். நாளைக்கு மைனி வந்து கேட்டால், “குழுவுல தீர்மானம் போட்டிருக்கு மைனி” என்று சொல்ல உறுப்பினருக்கு ஒரு பிடி கிடைக்கும். உங்கள் ஊருக்கு வந்திருக்கும் திட்டத் தாள் எதுவானாலும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து அனுப்புங்கள், அல்லது பாளையங்கோட்டைக்கு வரும்போது கையில் கொண்டுவாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

அன்புடன்,
உங்கள் பதிவேடுகளைப் பார்க்கிறவள்
பாளையங்கோட்டை